முற்பணம் அனுப்பும் முன் இரத்து விதியை ரூபாய்க் கணக்கில் எழுதி வாங்குங்கள்

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று விடுதி எடுத்துக் கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். எங்களுக்கு 72,000 ரூபாய் போய்விட்டது. போனதற்குக் காரணம் மூன்றே மூன்று வசனங்கள்.

டொரொண்டோவிலிருந்து பெரியம்மா குடும்பம் தேருக்கு வருவதாக இருந்தது. ஆகஸ்ட் 19 முதல் நான்கு இரவுகள், மூன்று அறைகள், ஓர் அறை இரவுக்கு 12,000. மொத்தம் 144,000. பாதி 72,000 முற்பணமாகவும், அறையில் ஏதும் உடைந்தால் கழிப்பதற்கென்று 20,000 டிப்பொசிட்டாகவும் கட்டச் சொன்னார்கள். நான் வங்கியில் 92,000 கட்டினேன். அன்று மாலையே உறுதிப்படுத்தும் ஈமெயில் வந்தது. கோயிலுக்கு வழி, காலைச் சாப்பாட்டு நேரம் எல்லாம் பெரிய எழுத்தில். அடியில், வங்கிக் கணக்கு இலக்கத்துக்கும் கீழே, சாம்பல் நிறப் பொடி எழுத்தில் இப்படி:

"14 நாட்களுக்கு முன் இரத்துச் செய்தால் கட்டணம் இல்லை. அதன்பின் 50 வீதம் அறவிடப்படும். டிப்பொசிட் மீளளிக்கப்படாது."

வாசித்தேன், விளங்கியது என்றுதான் நினைத்தேன்.

ஆகஸ்ட் 3ஆம் திகதி பெரியம்மா படியில் விழுந்து கால் முறிந்தது. பயணம் செய்யலாமா என்று வைத்தியரைக் கேட்டு முடிவெடுக்க இரண்டு நாள் போனது. 19இலிருந்து 14 நாள் பின்னால் எண்ணினால் 5ஆம் திகதி. அக்கா 5ஆம் திகதி இரவு 8 மணிக்கு இரத்து மெயில் அனுப்பினாள். அது டொரொண்டோ நேரம். இங்கே அப்போது 6ஆம் திகதி காலை 5.30. விடுதிக்காரர் பிந்திவிட்டது என்றார்.

சரி, பிந்தியதாகவே இருக்கட்டும். 50 வீதம் என்றால் எதில் 50 வீதம்? நாங்கள் கட்டிய 72,000இல் பாதி போகும், 36,000 திரும்பும், டிப்பொசிட் 20,000 எப்படியும் வரும், ஆக 56,000 கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தோம். வரவேற்பு மேசையில் இருந்த தம்பியும் போனில் அதையேதான் சொன்னார். முகாமையாளரோ, 50 வீதம் என்றால் மொத்த 144,000இல் பாதி, அது 72,000, ஆகவே முற்பணம் முழுவதும் சரி என்றார். டிப்பொசிட்டும் திரும்பாது என்றுதானே போட்டிருக்கிறோம் என்றார். ஒரே விடுதியில் வேலை செய்யும் இரண்டு பேருக்கே அந்த வசனம் இரண்டு விதமாக விளங்கியிருக்கிறது!

டிப்பொசிட் என்ற சொல்லில்தான் பெரிய குழப்பம். எங்கள் ஊரில் முற்பணத்தையும் அப்படிச் சொல்வார்கள், உடைவுக்குப் பிடிக்கும் காசையும் அப்படிச் சொல்வார்கள். முதலாவது போனால் நியாயம் இருக்கிறது, அறையை வேறு ஆளுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். ஆளே வராத அறையில் எதை உடைத்தோம்? ஆறு கிழமை அலைந்த பிறகு அந்த 20,000 மட்டும் வந்தது.

அவர்கள் இப்படி எழுதியிருக்கலாம்:

"ஆகஸ்ட் 5, செவ்வாய், மாலை 6 மணிக்குள் (இலங்கை நேரம்) இரத்து மெயில் எங்களுக்குக் கிடைத்தால் முற்பணம் 72,000 ரூபாயும் திரும்பும். அதற்குப் பிறகு கிடைத்தால் முற்பணத்தில் எதுவும் திரும்பாது. மேற்கொண்டும் எதுவும் கேட்கமாட்டோம். உடைவுப் பணம் 20,000 நீங்கள் வராவிட்டால் முழுதாகத் திரும்பும். திரும்பும் காசு, மெயில் கிடைத்த 7 நாளுக்குள் நீங்கள் அனுப்பிய கணக்குக்கே வரும்."

இதிலும் 72,000 போகத்தான் போகிறது. ஆனால் இதை வாசித்திருந்தால் அக்கா 4ஆம் திகதியே மெயில் போட்டிருப்பாள். நாள் எண்ணும் வேலையும் வீதம் போடும் வேலையும் வாசிப்பவர் தலையில் விழக்கூடாது, திகதியும் ரூபாயும் எழுதுபவரே போட வேண்டும். நேரத்தை இரவு 12 மணி என்று போட்டாலும் ஆபத்துத்தான். 5ஆம் திகதி இரவு 12 என்றால் அந்த நாள் தொடங்கும் 12ஆ, முடியும் 12ஆ என்று அடுத்த சண்டை வரும்.

விடுதி அப்படி எழுதித் தராவிட்டால் நீங்கள் எழுதுங்கள், காசு கட்டும் முன். சித்தப்பாவின் அறுபதாம் கலியாணத்துக்கு வேறோர் இடத்தில் அறை எடுத்தபோது, மேலே உள்ளதைப் போல நான்கு வரி எழுதி, "நான் விளங்கிக்கொண்டது இது, சரியா?" என்று கேட்டேன். அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது: "ஓம், சரி. ஆனால் உடைவுப் பணம் கணக்குக்குப் போடமாட்டோம், அறையைப் பார்த்துவிட்டுக் கையில் தருவோம்." அதை எழுத்தில் வாங்கிய பிறகுதான் வங்கிக்குப் போனேன்.