வீசிங் வரும் சின்னக் குழந்தைக்கு வீட்டில் நெபுலைசரா, ஸ்பேசரா?

வீசிங் என்று ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாலே பல வீடுகளில் நெபுலைசர் வாங்கிவிடுகிறார்கள். அங்கே அதை வைத்ததும் குழந்தைக்குச் சரியானதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம், அதனால் அதுதான் வலுவான மருந்து என்ற எண்ணம் வந்துவிடுகிறது. மருத்துவர் ஸ்பேசரோடு, அதாவது இன்ஹேலரைப் பொருத்தும் மாஸ்க் வைத்த பிளாஸ்டிக் குழாயோடு, இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால், "இத்தனை சின்னப் பிள்ளைக்கு இன்ஹேலரா?" என்று பயம். ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வீட்டில் வைத்திருக்க ஸ்பேசர்தான் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டிலும் போவது மூச்சுக்குழாயை விரிக்கும் ஒரே மருந்து, சால்பியூட்டமால்தான். நெபுலைசரில் ஒரு தடவைக்கு 2.5 மில்லிகிராம், இன்ஹேலரில் ஒரு பஃப்புக்கு 100 மைக்ரோகிராம். கணக்குப் பார்த்தால் 25 மடங்கு. ஆனால் நெபுலைசரில் பெரும்பகுதி கப்பிலேயே தங்குகிறது, அல்லது புகையாக வெளியே போகிறது. நுரையீரலுக்குள் இறங்குவது சிறு பங்குதான். இரண்டையும் ஒப்பிட்டுக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில், மிகக் கடுமையாக இல்லாத வீசிங்கில் ஸ்பேசர் நெபுலைசருக்குக் குறையாமல் வேலை செய்தது. நாடித்துடிப்பு ஏறுவதும் ஸ்பேசரில் குறைவாகவே இருந்தது.

நேரமும் முக்கியம். நெபுலைசர் முடிய ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும். இரைச்சல் கேட்டுக் குழந்தை மிரண்டு அழும், அழுதால் மருந்து சரியாக உள்ளே போகாது. பாவம் பார்த்து மாஸ்க்கை முகத்திலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தால் இன்னும் வீண். கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். கப்பையும் மாஸ்க்கையும் தினமும் கழுவிக் காயவைக்காவிட்டால் கிருமி சேரும். ஸ்பேசரோ பைக்குள் வைத்து ஆட்டோவில்கூடக் கொண்டுபோகலாம்.

ஸ்பேசரிலும் தவறு நடக்கும். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, மாஸ்க்கை மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூடும்படி வைத்து, ஒரு பஃப் மட்டும் அடிக்க வேண்டும். குழந்தை ஐந்தாறு மூச்சு விடும்வரை அப்படியே பிடித்திருந்து, அப்புறம் மறுபடி குலுக்கி அடுத்த பஃப். இரண்டையும் சேர்த்து அடித்தால் மருந்து ஸ்பேசரின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கழுவும்போது சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காற்றில் உலரவிடுங்கள். துணியால் துடைத்தால் நிலை மின்சாரம் உண்டாகி, மருந்துத் துகள்களைப் பிளாஸ்டிக் இழுத்துக்கொள்ளும்.

இரண்டரை வயதுக் குழந்தைக்குச் சளி பிடித்து, இரவு பதினொரு மணிக்கு இழுப்பு தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முகம் தெளிவாக இருக்கிறது, பால் குடிக்கிறது. மருத்துவர் வேறு அளவு எழுதித் தராவிட்டால், பொதுவான முறை 2 பஃப் கொடுத்து 20 நிமிடம் பார்ப்பது. குறையாவிட்டால் அதையே இன்னும் இருமுறை செய்யலாம். அந்த 6 பஃப்புக்கும் அடங்காவிட்டால், அல்லது அடங்கியது சில மணி நேரத்தில் திரும்பி வந்தால், வீட்டில் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு வயதுகூட ஆகாத குழந்தை என்றால் இன்னும் முன்பே கிளம்ப வேண்டும்.

வீட்டு நெபுலைசரில் எனக்கு மிகப் பெரிய கவலை இங்கேதான். ஆஸ்பத்திரியில் அதை ஆக்சிஜனோடு வைப்பார்கள், வீட்டு மெஷினில் வருவது வெறும் காற்று. ஆனாலும் மெஷின் இருக்கிறதே என்று "இன்னொரு தடவை வைத்துப் பார்ப்போம்" என்று விடியும்வரை ஓட்டுகிறார்கள். தேவைப்படும் ஆக்சிஜன் அத்தனை நேரமும் தள்ளிப்போகிறது.

கடுமையான தாக்குதலைக் கண்டுபிடிக்கச் சட்டையைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்குக் கீழேயும், இடையிலும், கழுத்துக்குழியிலும் தோல் உள்ளே இழுக்கிறதா? அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணினால் மூச்சு 40-ஐத் தாண்டுகிறதா? பேசவோ, அழவோ, குடிக்கவோ முடியாமல் திணறுகிறதா? உதடோ நாக்கோ நீலம் பாய்கிறதா? அமைதியில்லாமல் துடித்த குழந்தை சோர்ந்து தூங்கி வழிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் 20 நிமிடக் கணக்கெல்லாம் கிடையாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், போகும் வழியிலேயே ஒவ்வொரு பஃப்பாக ஆறு வரை கொடுங்கள். பெரியவர்களுக்கான ஆக்சிமீட்டர் சின்ன விரலில் சரியாக உட்காராது. அதில் நல்ல எண் வந்தது என்று தங்கிவிடாதீர்கள். 92-க்குக் கீழே காட்டினால் கிளம்பிவிடுங்கள்.

எல்லாவற்றிலும் ஏமாற்றும் அறிகுறி ஒன்று உண்டு. "சத்தம் நின்னுடுச்சு, சரியாயிடுச்சு" என்று வீட்டில் நிம்மதியடைவார்கள். சத்தம் நின்ற பிறகு குழந்தை விளையாடினால், குடித்தால், தோல் உள்ளிழுப்பதும் நின்றிருந்தால், அது குணம். சத்தம் மட்டும் நின்று, நெஞ்சு இன்னும் போராடி, குழந்தை துவண்டுபோயிருந்தால், விசில் ஒலி எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று உள்ளே போகவில்லை என்று அர்த்தம். அந்தக் குழந்தைக்கு அந்த நிமிடமே ஆக்சிஜன் தேவை.