தேதி ஏற்கெனவே போய்விட்டால்: ஆளை அனுப்புவதா, கமிஷனா, சும்மா பெயர் சொல்வதா?

கல்யாணப் போட்டோகிராபர்களிடம் எல்லோரும் கேட்பது வருடத்தின் அதே சில தேதிகளைத்தான். ஒரு தேதியை இரண்டு பேருக்குக் கொடுக்க முடியாது. அதனால் நல்ல பெயர் எடுத்தவர்களுக்கும் ஏற்க முடியாத விசாரிப்புகள் வந்துகொண்டே இருக்கும். "தேதி இல்லை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வதில் அலச எதுவும் இல்லை. அதைத் தாண்டி மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, வேலையை நம் பெயரில் எடுத்து வேறொருவரை அனுப்புவது. கைக்கு அதிகப் பணம் வருவது இதில்தான். பொறுப்பு முழுவதும் நம் தலையில் விழுவதும் இதில்தான். வாடிக்கையாளர் நம் படங்களைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார். நிறத்தையும் வெளிச்சத்தையும் எடிட்டிங்கில் நம் பாணிக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் மணப்பெண்ணின் அப்பா கண்ணைத் துடைத்த நொடியில் கேமரா வேறு பக்கம் இருந்தால் எந்த எடிட்டிங்கும் உதவாது. மெமரி கார்டுகள் அன்று இரவே நம் கைக்கு வருமா, அந்தப் படங்களை அவர் தன் போர்ட்ஃபோலியோவில் போடலாமா என்பதையும் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். யார் எடுக்கப் போகிறார் என்று ஒப்பந்தத்துக்கு முன்பே வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும். நம்மோடு இரண்டாவது கேமராமேனாகப் பல கல்யாணங்களில் நின்றவர் என்றால் இந்த வழி சரி. மற்றவர்களை வைத்து இதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, வேலையை வேறொருவருக்கு அனுப்பிவிட்டு அவரிடம் கமிஷன் வாங்குவது. ஒருவர் மட்டுமே தொடர்ந்து வேலை அனுப்புகிறார், எதிர்த் திசையில் எதுவும் வருவதில்லை என்றால் இது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 10 சதவீதம் கொடுக்க வேண்டியவர் விலையை ஏற்றுவார், அல்லது உதவியாளரைக் குறைப்பார், அல்லது தன் லாபத்தில் விடுவார். முதல் இரண்டில் வாடிக்கையாளருக்குத்தான் நஷ்டம். இன்னொன்றும் நடக்கும்: யாருடைய பாணி பொருந்தும் என்பதைவிட யார் கமிஷன் தருகிறார் என்பது நம்மை அறியாமலே முன்னுக்கு வந்துவிடும். வாங்குவதாக இருந்தால் வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லத் தயங்கினால் அந்தக் கமிஷனை வாங்கக் கூடாது.

மூன்றாவது, எதுவும் வாங்காமல் போட்டியாளரின் பெயரைச் சொல்வது. தேதி மோதலுக்கு இதுதான் சிறந்தது என்பது என் முடிவு. காரணம், இன்று எனக்கு இல்லாத தேதி அவருக்கு இருக்கும், அடுத்த மாதம் அவருக்கு இல்லாதது எனக்கு இருக்கும். ஆனால் பெயரைச் சொல்வதோடு வேலை முடிவதில்லை.

ஒரு விசாரிப்பு வருகிறது என்று வையுங்கள். இரண்டு நாள் நிகழ்ச்சி, மாலையில் மங்கலான வெளிச்சம், போஸ் இல்லாத இயல்பான படங்கள் வேண்டும். எனக்குத் தெரிந்தவர்களில் ஒருவர் ஸ்டூடியோ வெளிச்சத்தில் போஸ் படங்கள் எடுப்பவர். திறமைசாலி, இந்த வேலைக்குப் பொருந்த மாட்டார். இன்னும் இருவர் பொருந்துவார்கள். இருவருக்கும் முதலில் போன் செய்து தேதி இருக்கிறதா என்று கேட்கிறேன். இதை விட்டுவிட்டால் வாடிக்கையாளர் மறுபடியும் ஒரு "இல்லை"யைக் கேட்க நேரும். அப்புறம் இருவர் பெயரையும் ஆளுக்கொரு வரி விளக்கத்தோடு கொடுக்கிறேன்: "இவர் குறைந்த வெளிச்சத்தில் நன்றாக எடுப்பவர், அவரிடம் வீடியோ குழுவும் உண்டு. இருவருக்கும் அந்தத் தேதி இருக்கிறது. முடிவு செய்யும் முன் ஒரு கல்யாணத்தின் முழு ஆல்பத்தையும் கேட்டுப் பாருங்கள்." முழு ஆல்பம் என்று அழுத்திச் சொல்லக் காரணம், பொறுக்கிப் போட்ட பத்துப் படங்களை வைத்து யாரையும் எடைபோட முடியாது. வாடிக்கையாளரின் எண்ணை அவர் சம்மதம் இல்லாமல் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. அவரே அழைக்கட்டும்.

இந்த வழியிலும் குறை உண்டு. நாம் பெயர் சொன்னவர் சொதப்பினால் பழியில் ஒரு பங்கு நமக்கும் வரும். அதனால் ஒருவரை முதல் தடவை பரிந்துரைக்கும் முன் அவரோடு ஒரு வேலையிலாவது சேர்ந்து நிற்பது நல்லது. நேரத்துக்கு வருகிறாரா, கார்டை அன்றே நகல் எடுக்கிறாரா, களைத்த உறவினரிடம் எப்படிப் பேசுகிறார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். கல்யாணம் முடிந்த பிறகு வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். படம் தாமதம், போனை எடுக்கவில்லை என்று இரண்டு பேர் சொன்னால் அந்தப் பெயரை நிறுத்திவிட வேண்டியதுதான்.

கடைசியாக ஒரு எல்லை. நண்பர்களாகிவிட்ட போட்டியாளர்கள் தேதி பற்றிப் பேசலாம், லென்ஸை இரவல் வாங்கலாம், ஒருவருக்கு உடம்பு முடியாத நாளில் மற்றவர் போய் நிற்கலாம். "இதற்குக் கீழே யாரும் விலை சொல்லக் கூடாது", "அந்தப் பகுதி உனக்கு, இந்தப் பகுதி எனக்கு" என்று பேசி வைத்துக்கொள்ள மட்டும் கூடாது. பல நாடுகளில் போட்டிச் சட்டம் அதைக் குற்றமாகவே பார்க்கிறது. சிறு தொழில் என்பதால் அது தானாக விலக்கு ஆகிவிடாது. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.