வீட்டுல கொலஸ்ட்ரால் மெஷின், ரெண்டரை வருஷ அனுபவம் (அம்மாவோட கை கிரீம் பண்ண வேலையும் சேர்த்து)

எங்க தெரு கல்யாண மண்டபத்துல நடந்த கேம்ப்ல அம்மாவுக்கு விரல்ல குத்தி டோட்டல் கொலஸ்ட்ரால் 178னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தாங்க, அம்மாவும் "எனக்கு ஒண்ணும் இல்லடா"ன்னு அன்னிக்கே ரெண்டு வடை சேர்த்து சாப்பிட்டாங்க. எனக்கு அந்த டோட்டல் மட்டும் பத்தல. அதுல கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்ற எல்டிஎல் எவ்வளவு, நல்லதுன்னு சொல்ற எச்டிஎல் எவ்வளவுன்னு தெரியாம என்ன பண்றது? அதான் மூணும் பாக்குற மெஷின் ஒண்ணு வாங்கினேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், சுகர் மெஷின் மாதிரி நினைச்சு வாங்காதீங்க. சுகர் ஸ்ட்ரிப்புக்கு ஒரு மைக்ரோ லிட்டர் கூட வேண்டாம், இதுக்கு என் மெஷின்ல சுமார் 40 மைக்ரோ லிட்டர், ஒரு சின்ன கண்ணாடிக் குழாய்ல குமிழி இல்லாம நிரப்பி ஊத்தணும். சுகருக்கு வச்சிருக்கிற ஊசியை அதே ஆழத்துல வச்சு குத்துனா அவ்வளவு ரத்தம் வராது, உடனே விரலைப் புடிச்சு பிதுக்குவோம், பிதுக்குனா ரத்தத்தோட சதையில இருக்கிற நீரும் கலந்து வந்து ரத்தம் நீர்த்துப் போகுது, நம்பர் குறைச்சலா காட்டுது. கேம்ப்ல நான் பாத்ததும் இதேதான், வரிசை நீளமா நிக்குது, அந்தப் பொண்ணு பாவம் ஒவ்வொரு விரலையும் எலுமிச்சம்பழம் மாதிரி பிழியுது.

இப்ப கிரீம் கதை. முதல் வருஷம் மெஷின்ல அம்மாவுக்கு டோட்டல் 196, எச்டிஎல் 44, ரத்தத்துல ஓடுற இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 340. எல்டிஎல் 84னு அதுவே போட்டுச்சு. அடேங்கப்பா 340ஆன்னு பயந்து அன்னிக்கு காலையிலேயே வெறும் வயித்தோட லேப்ல கூட்டிட்டுப் போய் கையில ரத்தம் எடுத்தோம். லேப்ல டோட்டல் 207, எச்டிஎல் 47, ட்ரைகிளிசரைடு 148, எல்டிஎல் 130. ரெண்டுக்கும் நடுவுல ஒரு மணி நேரம்தான்!

லேப்ல இருந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "அம்மா கையில ஏதாச்சும் தடவுவாங்களா?" பாத்திரம் தேய்ச்சு தேய்ச்சு விரல் வெடிச்சுப் போறதால அம்மா ராத்திரி கிளிசரின் கிரீம் போட்டுட்டுத்தான் படுப்பாங்க. ஸ்ட்ரிப்புல இருக்கிற மருந்து ட்ரைகிளிசரைடை உடைச்சு, அதுல இருந்து வர்ற கிளிசராலைத்தான் அளக்குது, விரல்ல ஒட்டியிருக்கிற கிளிசரினும் அதே சரக்குதான், மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. நான் பஞ்சுல ஸ்பிரிட் வச்சு மேலாக துடைச்சதோட சரி, சோப்பு போட்டுக் கழுவச் சொல்லல.

இதுல இன்னொரு ஏமாத்து வேலை இருக்கு. மெஷின் எல்டிஎல்லை நேரடியா அளக்கல, கணக்கு போடுது. டோட்டல்ல இருந்து எச்டிஎல்லைக் கழிச்சு, ட்ரைகிளிசரைடுல அஞ்சுல ஒரு பங்கையும் கழிக்கும். 196 - 44 - 68 = 84. ட்ரைகிளிசரைடு பொய்யா ஏறுனதால எல்டிஎல் பொய்யா இறங்கிடுச்சு, அதாவது பயப்பட வேண்டாத நம்பருக்கு நான் பயந்தேன், கவனிக்க வேண்டிய நம்பரைப் பாத்து நிம்மதியா இருந்தேன். (ட்ரைகிளிசரைடு 400ஐ தாண்டுனா இந்தக் கணக்கே செல்லாது, எல்டிஎல் இடத்துல மெஷின் வெறும் கோடு காட்டும், ரிப்பேர்னு நினைக்காதீங்க.)

அடுத்த வாரம் சோப்பு போட்டு வெதுவெதுப்பான தண்ணியில கையைக் கழுவி, நல்லா துடைச்சு, கையைக் கொஞ்ச நேரம் தொங்கப் போட்டு, விரலோட பக்கவாட்டுல குத்தி, முதல் சொட்டைத் துடைச்சுட்டு ரெண்டாவதை எடுத்தேன். டோட்டல் 198, எச்டிஎல் 42, ட்ரைகிளிசரைடு 165, எல்டிஎல் 123. லேப் 130க்கு பக்கத்துல வந்துடுச்சு. ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் டோட்டலே அஞ்சாறு சதவீதம் தானா ஏறி இறங்கும், அதனால இந்த அளவு வித்தியாசத்தை நான் பெரிசா எடுத்துக்கறதில்ல. என் மெஷின்ல எச்டிஎல் மட்டும் எப்பவுமே லேப்பை விட கொஞ்சம் கம்மியா வருது, அது அதோட பழக்கம்னு விட்டுட்டேன்.

ஸ்ட்ரிப் சமாச்சாரம்: டப்பாவைத் திறந்து போட்டா ஈரம் புடிச்சு கெட்டுடும், மே மாச வெயில்ல ஃபேன் ரூம்ல டெஸ்ட் பண்ணப் போனா மெஷின் வெப்பநிலை எரர் காட்டி நின்னுடும். புது டப்பா வாங்குனா அதோட வர்ற சிப்பையும் மாத்தணும், ஒரு தடவை மறந்து ஒரு ஸ்ட்ரிப் வீணாச்சு. விலையும் சுளீர்னு இருக்கும்.

இப்ப மூணு மாசத்துக்கு ஒரு தடவை, அதே நேரம், வெறும் வயித்துல, அதே மெஷின்ல பாத்து நோட்டுல எழுதறேன், ஏறுதா இறங்குதான்னு மட்டும் பாக்க. மாத்திரை ஆரம்பிக்கிறது, டோஸ் மாத்துறது எல்லாம் கையில எடுத்த ரத்தத்து ரிப்போர்ட்டைப் பாத்துதான் டாக்டர் சொல்றாங்க. அம்மா கிரீமை விடல, டெஸ்ட்டுக்கு முந்தின ராத்திரி மட்டும் டப்பாவை நான் ஒளிச்சு வச்சுடறேன்.