மதியம் சுடும் தகரம், இரவில் சுடும் கான்கிரீட்

தகரக் கூரையா, கான்கிரீட் கூரையா, எது குளிர்ச்சி என்று கேட்பதற்கு முன், அந்த அறையில் எந்நேரம் இருப்பீர்கள் என்று யோசியுங்கள்.

எடை: 15 செ.மீ. கான்கிரீட் சதுர மீட்டருக்குச் சுமார் 360 கிலோ, அரை மி.மீ. இரும்புத் தகரம் 4 கிலோதான். கனமான கூரை மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும்.

மதியம்: தகரம் வெயில் பட்ட சில நிமிடங்களில் கொதிக்கும். கான்கிரீட்டில் வெப்பம் இறங்க நாலைந்து மணி நேரமாகும். மதியம் 1 மணிக்கு அடிக்கும் வெயில் அடிப்பக்கம் வந்து சேர மாலை 5, 6 ஆகிவிடும்.

இரவு: இங்கேதான் கணக்கே மாறுகிறது. தகரம் பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். வானம் தெளிவாக இருந்தால் வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்து உள்ளே நீர்கூடச் சொட்டும். கான்கிரீட் 10 மணிக்கும் அனலை இறக்கிக்கொண்டிருக்கும். நாற்காலியில் ஏறிக் கூரையைத் தொட்டாலே தெரியும்.

பகலில் புழங்கும் அறைக்குக் கான்கிரீட். இரவில் படுக்க மட்டும் என்றால் தகரம் மோசமில்லை. இரண்டு வேளையும் வேண்டுமென்றால், கான்கிரீட் போட்டு மேலே வெள்ளைப் பூச்சு அடியுங்கள். உள்பக்கம் அடித்துப் பயனில்லை.