"எப்போது வேண்டுமானாலும் வாங்க" என்பதா, மூன்று நேரம் சொல்வதா? கல்லூரி பார்க்க வரும் பெற்றோருக்கு எழுதும் பதில்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து எங்கள் அட்மிஷன் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். போன சீசனில் அறந்தாங்கியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: "மகளுக்கு இசிஇ பார்க்கிறோம். ஹாஸ்டலில்தான் சேர்க்க வேண்டும். எப்போது வந்து பார்க்கலாம்?" நாங்கள் இருப்பது திருச்சிக்குப் பக்கத்தில். அவர்களுக்கு வரப் போக ஒரு நாள் முழுக்க ஆகிவிடும்.

இதற்கு மூன்று விதமாகப் பதில் போகிறது. "வேலை நாட்களில் 9 முதல் 4 வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம்" என்பது ஒன்று. முன்பதிவுப் படிவத்தின் லிங்க்கை மட்டும் அனுப்புவது இன்னொன்று. குறிப்பிட்ட இரண்டு மூன்று நேரங்களைச் சொல்லி, எந்த நேரத்தில் எதைப் பார்க்க முடியும் என்று எழுதுவது மூன்றாவது.

முதல் பதில் அன்பாகத்தான் தெரியும். ஆனால் அதை நம்பி மதியம் 3 மணிக்கு வருபவர்கள் பார்ப்பது என்ன? லேப் உதவியாளர் பூட்டிக்கொண்டிருப்பார். மெஸ்ஸில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். துறைத் தலைவர் மீட்டிங்கில் இருப்பார். அப்படி ஒரு குடும்பத்தை வாசலோடு திருப்பி அனுப்பிய பிறகுதான் நான் அந்த வரியை எழுதுவதை விட்டேன்.

லிங்க் அனுப்புவதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு நாளைக்கு இருபது குடும்பம் வரும்போது, ஒரே நேரத்தில் பத்துப் பேர் குவியாமல் படிவம் தடுத்துவிடும். கூட்டம் அதிகமான கல்லூரிக்கு அது தேவைதான். ஆனால் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்த அப்பாவிடம் "அன்றைக்கு லேப் இயங்காது" என்று அது தானாகச் சொல்லாது. யாராவது அதை முதலில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

அதனால் என் ஓட்டு மூன்றாவதுக்கு. அறந்தாங்கிக்காரருக்கு நான் எழுதியது கிட்டத்தட்ட இதுதான்:

"வணக்கம் ஐயா. உங்களுக்கு மூன்று நேரங்கள் வைத்திருக்கிறோம்.
ஜூலை 3, வியாழன், காலை 10.30: சீனியர்களுக்கு வகுப்பு நடக்கும். இசிஇ லேபை மாணவர்கள் வேலை செய்யும்போதே பார்க்கலாம். 12.30க்கு ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பிடலாம்.
ஜூலை 4, வெள்ளி, அதே நேரம், அதே ஏற்பாடு.
ஜூலை 5, சனி, காலை 11: வகுப்பு இல்லை, லேபைத் திறந்து காட்டுவோம், இயங்காது. ஹாஸ்டலும் நூலகமும் பார்க்கலாம்.
மொத்தம் இரண்டரை மணி நேரம் ஆகும். மகளிர் விடுதி அறைகளுக்குள் அம்மாவும் மகளும் மட்டுமே போக முடியும், நீங்கள் வரவேற்பறை வரை வரலாம். கேட்டில் காட்ட ஒரு அடையாள அட்டை போதும். சீட்டு உறுதி எதுவும் அன்று தர மாட்டோம், அது கலந்தாய்வில்தான். எந்த நேரம் என்று செவ்வாய்க்குள் சொல்லுங்கள், அதுவரை மூன்றும் உங்களுக்கே."

இதில் விடுதி பற்றிய வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மகளை விடப் போகும் அறையைப் பார்க்கத்தான் அப்பா அவ்வளவு தூரம் வருகிறார். உள்ளே விட மாட்டோம் என்று அங்கே வைத்துச் சொன்னால் அது அவமானம். முன்கூட்டியே சொன்னால் அம்மாவையும் கூடவே அழைத்து வருவார். அறந்தாங்கிக்காரர் வீட்டில் முதலில் அப்பாவும் மகளும் மட்டும் வருவதாக இருந்தார்களாம். கடிதம் பார்த்த பிறகு அம்மாவும் லீவு போட்டார்.

வேலை நாளா, சனியா? வேலை நாள் என்றால் பெற்றோருக்குச் சம்பளம் போகலாம், ஆனால் கல்லூரி உள்ளபடி தெரியும். இதை மறைக்காமல் எழுதிவிட்டு முடிவை அவர்களிடமே விடுவது நல்லது. தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு நானே சனியைத்தான் முதலில் எழுதுவேன்.

காலமும் முக்கியம். மே மாதம் தேர்வு நடக்கும், ஜூனில் பெரும்பாலும் விடுமுறை. அப்போது வந்தால் காலி வராந்தாதான். சீனியரிடம் "மெஸ் சாப்பாடு எப்படி அக்கா?" என்று கேட்க ஆள் இருக்காது. ஜூலைக்குத் தள்ளலாம் என்றால், கலந்தாய்வில் அவர்கள் சுற்றுக்கு சாய்ஸ் ஃபில்லிங் தொடங்கும் முன் வந்தாக வேண்டும். கட்ஆஃப் அதிகம் இருந்தால் முதல் சுற்றிலேயே கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் 200க்கு எவ்வளவு என்று பதில் எழுதும் முன் ஒரு வரி கேட்டுக்கொள்வேன். மதிப்பெண் பார்த்துக் கவனிப்பதற்காக இல்லை, தேதி குறிக்கத்தான். அதையும் அவர்களிடம் சொல்லிவிடுவேன்.

அறந்தாங்கிக்காரர்கள் வியாழனைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பெண் லேபில் ஒரு சீனியர் மாணவியோடு ஆசிலோஸ்கோப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றுவிட்டாள். மெஸ்ஸுக்கு 1 மணிக்குத்தான் போனோம், ரசம் தீர்ந்திருந்தது.