"நான்கு முறைகளும் உண்டு" என்று விற்கப்பட்ட ஷிப்ட் ரெஜிஸ்டர் பலகை: வாங்குமுன் ஒரு சோதனை

ஹட்டனில் உயர்தரத் தொழினுட்பப் பிரிவு மாணவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துகிறேன். சென்ற தவணையில், கண்டியிலுள்ள ஒரு விற்பனையாளரிடம் தொலைபேசியில் சொல்லி, நான்கு பிட்டுகளைச் சேமித்து இருபக்கமும் நகர்த்தும் யுனிவர்சல் ஷிப்ட் ரெஜிஸ்டர் பயிற்சிப் பலகைகள் இரண்டை ஒன்று 9,500 ரூபாய் வீதம் வாங்கினேன். நிறுத்தி வைத்தல், வலப்பக்க நகர்வு, இடப்பக்க நகர்வு, நான்கு பிட்டுகளையும் ஒரே நேரத்தில் ஏற்றுதல் ஆகிய நான்கும் முறையே 00, 01, 10, 11 என S1, S0 என்ற இரண்டு சுவிட்சுகளால் தெரிவு செய்யப்படும் என்று அவர் உறுதியளித்தார். பஸ்ஸில் வந்த பொதியைப் பிரித்து, ஏற்றுதலையும் இரு நகர்வுகளையும் சோதித்துப் பார்த்து, எல்லாம் சரியென்று நம்பிப் பணத்தை அனுப்பிவிட்டேன்.

பிழையைக் கண்டுபிடித்தவர் ஒரு மாணவி. அவர் 11 முறையில் 1011 என்பதை ஏற்றினார், 00 முறைக்கு மாற்றிக் கிளொக் பொத்தானைப் பலமுறை அழுத்தினார், விளக்குகள் அசையவில்லை. பிறகு வலப்பக்க நகர்வுக்காக S0 சுவிட்சை மட்டும் மேலே தள்ளினார். அந்தக் கணமே விளக்குகள் 0101 ஆயின. "சேர், நான் கிளொக்கைத் தொடவே இல்லை" என்றார். திரும்பச் செய்தபோது 0010 வந்தது. இன்னொரு முறை 0000 வந்தது.

ஒழுங்கான வடிவமைப்பில் இது நடக்க வழியில்லை. இந்தப் பலகையில் முக்கியமாக இருப்பவை 74HC74 என்ற பிளிப்-ப்ளொப் ஐசிகள் இரண்டு, 74HC153 என்ற மல்டிபிளெக்சர் ஐசிகள் இரண்டு. ஒவ்வொரு பிட்டுக்கும் அதைச் சேமிக்கும் ஒரு பிளிப்-ப்ளொப்பும், அதற்கு முன்னால் நான்கு உள்ளீடுகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் ஒரு மல்டிபிளெக்சரும் உண்டு. மல்டிபிளெக்சரின் 1ஆம் உள்ளீட்டுக்கு இடப்பக்க பிட்டும், 2ஆவதுக்கு வலப்பக்க பிட்டும், 3ஆவதுக்கு வெளியிலிருந்து ஏற்றும் பிட்டும் வரவேண்டும். 0ஆவதுக்கு அதே பிளிப்-ப்ளொப்பின் சொந்த வெளியீடான Q வரவேண்டும். அப்போது நிறுத்தி வைக்கும் முறையிலும் கிளொக் வந்துகொண்டே இருக்கும். ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் பழைய பெறுமதியே திரும்ப எழுதப்படுவதால் எதுவும் மாறாது.

மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து 74HC153இன் 6ஆம், 10ஆம் கால்களைத் தொட்டேன்; அவைதாம் அந்த 0ஆம் உள்ளீடுகள். இரண்டும் 8ஆம் காலோடு, அதாவது தரையோடு, இணைக்கப்பட்டிருந்தன. 74HC74இன் கிளொக் கால்களான 3உம் 11உம் பொத்தானுக்கு நேரே போகாமல் ஓர் AND கதவுக்குப் போயின. S1, S0 இரண்டும் 0 ஆனால் கிளொக்கையே மறித்துவிடுவதுதான் இவர்களுடைய "நிறுத்தி வைத்தல்".

```
கிளொக்' = கிளொக் AND (S1 OR S0)
```

பொத்தானை அழுத்தாதபோது கிளொக் 1இல் நிற்கிறது. 00இலிருந்து S0ஐ 1 ஆக்கியதும் AND கதவின் வெளியீடு 0இலிருந்து 1க்கு ஏறுகிறது. கிளொக் ஏறும் கணத்தில் உள்ளீட்டைப் பதிவு செய்யும் பிளிப்-ப்ளொப்புக்கு அது உண்மையான கிளொக் ஏற்றமேதான். சுவிட்சின் தகடு சில தடவைகள் அதிர்ந்து ஒட்டுவதால் ஏற்றம் சில வேளை ஒன்றுக்கு இரண்டாகிறது, அதனால்தான் 0010. மல்டிபிளெக்சர் இன்னும் 0ஆம் உள்ளீட்டிலேயே இருக்கும்போது ஏற்றம் வந்துவிட்டால், தரையிலுள்ள 0 எல்லா பிட்டுகளிலும் பதிகிறது. நான் முதலில் ஏமாந்ததற்கும் காரணம் இருக்கிறது. 00இலிருந்து 11க்குப் போகும்போதும் இதே பிழை நடக்கிறது, ஆனால் அடுத்து ஏற்றும் பெறுமதி அதை மூடிவிடுகிறது. நிறுத்தி வைத்தலிலிருந்து நகர்வுக்குப் போகும்போது மட்டுமே அது வெளியே தெரியும்.

விற்பனையாளரை அழைத்துச் சொன்னேன். "பழைய 74194 ஐசியும் கிளொக்கை நிறுத்தித்தான் வைக்கும் சேர், சுவிட்சை மெதுவாகப் போடுங்கள்" என்றார். 74194 இதே நான்கு முறைகளையும் கொண்ட ஷிப்ட் ரெஜிஸ்டர் ஐசி, அவர் சொன்னதில் முதற் பாதி உண்மைதான். ஆனால் அந்த 74194இன் தரவுத்தாள், கிளொக் 1இல் இருக்கும்போது மட்டுமே முறையை மாற்றச் சொல்கிறது. அந்த நிலையில் மாற்றினால் பெறுமதி கெடாது. இவருடைய பலகையோ சரியாக அந்த நிலையில்தான் கெடுகிறது. மெதுவாகத் தள்ளுவதால் ஏற்றம் இல்லாமற் போகாது. இதைச் சொன்னதும் இணைப்பு துண்டிக்கப்பட்டது. பணமும் வரவில்லை, மாற்றுப் பலகையும் வரவில்லை.

இப்படிப்பட்ட பலகை வாங்குவோர் பணம் கொடுக்கும் முன் 1011ஐ ஏற்றி, 00க்குப் போய், கிளொக் பொத்தானைத் தொடாமல் S0ஐ மட்டும் பத்துத் தடவை மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். பிறகு S1ஐயும் அப்படியே செய்யுங்கள். ஒரு விளக்கு மாறினாலும் வாங்க வேண்டாம்.

ஒரு பலகையை நானே திருத்தினேன். நான்கு 0ஆம் உள்ளீடுகளையும் தரையிலிருந்து வெட்டி அந்தந்த Qவோடு பற்றவைத்தேன். AND கதவை விலக்கிப் பொத்தானை நேரே கிளொக் கால்களுக்குக் கொடுத்தேன். எட்டுச் சிறு கம்பித் துண்டுகளும் ஒரு மாலைப்பொழுதும் செலவாயின. இப்போது S0ஐ எத்தனை தடவை தள்ளினாலும் 1011 அப்படியே நிற்கிறது. மற்றதைத் திருத்தவில்லை, இப்படியும் விற்கிறார்களா என்று கேட்பவர்களுக்குக் காட்ட வகுப்பு அலுமாரியில் வைத்திருக்கிறேன்.