பெயருக்குக் கீழே ஒரு வரி: எதை அச்சடிப்பது?

போர்வெல் மோட்டார் பழுது பார்க்கும் ஒருவரின் விசிட்டிங் கார்டை எடுத்துக்கொள்வோம். கடைப் பெயரில் ‘எலக்ட்ரிக்கல்ஸ்’ என்று மட்டும் இருக்கிறது. கீழே போட இரண்டு வரிகள் கையில் உள்ளன.

முதலாவது: ‘தரமான சேவை, நியாயமான விலை’. காதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் இதே வரியைத் தையல் கடைக்கும் டயர் கடைக்கும் அப்படியே போடலாம். பெயரும் தொழிலைச் சொல்லவில்லை, வரியும் சொல்லவில்லை. ஃபேன் மாட்டுபவர் என்று நினைத்து கார்டை ஓரம் வைத்துவிடுவார்கள்.

இரண்டாவது: ‘போர்வெல் மோட்டார் ஏற்றி இறக்குதல், காயில் கட்டுதல்’. காயில் எரிந்துபோன விவசாயிக்கு இரண்டு வேலை ஆக வேண்டும். குழாயோடு மோட்டாரை மேலே எடுக்க ஆள் வேண்டும், அப்புறம் காயில் கட்ட வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் நடக்கும் என்பதை இந்த வரி சொல்லிவிடுகிறது. என் ஓட்டு இதற்குத்தான்.

இதிலும் சிக்கல் உண்டு. வரி நீளம். வழக்கமான 3.5 அங்குல அகலக் கார்டில் ஒரே வரியாக அடக்க எழுத்தைச் சுருக்கினால், சிறிய அச்சில் மெய்யெழுத்தின் புள்ளியும் கொம்பும் மங்கிவிடும். காற்புள்ளி வரும் இடத்தில் உடைத்து இரண்டு வரியாகப் போடுவது நல்லது. நாளை புது மோட்டார் விற்கவும் தொடங்கினால் வரி போதாது. அதனால் முதலில் 100 கார்டு மட்டும் அடித்தால் போதும்.

கடைப் பெயரிலேயே ‘மோட்டார் ரீவைண்டிங்’ இருந்தால்? அப்போதும் முதல் வரி வேண்டாம். எத்தனை எச்.பி. வரை பார்ப்பீர்கள் என்று போடுங்கள்.